லாபம் ஏட்டில், ரொக்கம் எங்கே?

ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் லாப நட்டக் கணக்கும் பணப்பாய்வு அறிக்கையும் சில பக்க இடைவெளியில் அச்சாகின்றன. இரண்டும் ஒரே ஆண்டின் ஒரே வியாபாரத்தைத்தான் சொல்கின்றன என்றாலும், முன்னது நூறு கோடி ரூபாய் லாபம் என்று காட்டும் ஆண்டில் பின்னது முப்பது கோடி ரூபாய் பற்றாக்குறை என்று காட்டுவதும், அப்படிக் காட்டும்போது இரண்டு கணக்குகளுமே விதிப்படி சரியாக இருப்பதும் சாத்தியம். லாப நட்டக் கணக்கு பொருள் கைமாறிய நாளில் விற்பனையைப் பதிகிறது, பணப்பாய்வு அறிக்கை பணம் கைக்கு வந்த நாளில் பதிகிறது என்பதே இதன் வேர்.

பங்குச் சந்தையில் ‘எபிட்டா’ என்ற பெயரில் புழங்குவது தேய்மானத்துக்கு முந்தைய இயக்க லாபம் ஆகும். விற்பனை வருவாயிலிருந்து மூலப்பொருள், சம்பளம், மின்சாரம், விளம்பரம் போன்ற அன்றாடச் செலவுகளை மட்டும் கழித்து, வட்டி, வருமான வரி, இயந்திரங்களின் தேய்மானம், காப்புரிமை போன்ற அருவச் சொத்துகளின் தேய்வு ஆகிய நான்கையும் தொடாமல் விட்டால் கிடைக்கும் எண் அது. அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சித் தொழிலில் டிசிஐ நிறுவனத்தை நடத்திய ஜான் மலோன் இந்த அளவுகோலைப் பரப்பியவராகக் கருதப்படுகிறார். பெருங்கடன் வாங்கிக் கம்பி இழுத்த அந்த நிறுவனத்துக்கு வட்டியும் தேய்மானமும் லாபத்தை விழுங்கிவிட்டதால், கடன் கொடுப்போரிடம் காட்ட அவற்றைக் கழிக்காத எண் ஒன்று வேண்டியிருந்தது. பிறந்த சூழலே அதன் குறையையும் சொல்லிவிடுகிறது: அது கழிக்காமல் விடும் நான்கில் வட்டியும் வரியும் உண்மையாகவே வெளியேறும் பணம், தேய்மானமோ, இயந்திரத்தை வாங்கியபோது ஏற்கெனவே கொடுத்துவிட்ட பணத்தின் ஆண்டுப் பங்கு.

ஃப்ரீ கேஷ் ஃப்ளோ எனப்படும் எஞ்சும் ரொக்கம் எதிர்த்திசையிலிருந்து கணக்கிடப்படுவது. தொழிலை நடத்தியதில் உண்மையாக வந்து சேர்ந்த பணத்திலிருந்து வரியையும், இயந்திரம், கட்டடம் போன்றவற்றுக்குச் செய்த மூலதனச் செலவையும், கடனுக்கான வட்டியையும் கழித்த பின், பங்குதாரருக்குக் கொடுக்கவோ அசலை அடைக்கவோ யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடியதாக மிஞ்சுவது எதுவோ அதுவே எஞ்சும் ரொக்கம். வட்டியைக் கழிக்காமல் கணக்கிடும் மரபும் உண்டு. எந்த மரபு பின்பற்றப்பட்டது என்று பார்க்காமல் இரண்டு நிறுவனங்களை ஒப்பிடக் கூடாது.

இவ்விரு எண்களுக்கும் இடையில் பணம் எங்கே போகிறது என்பதைக் கற்பனையான ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் கணக்கைக் கொண்டு பார்க்கலாம். சென்ற ஆண்டு 84 கோடி ரூபாய்க்கு விற்ற அந்தத் தொழிற்சாலை இந்த ஆண்டு 96 கோடிக்கு விற்றிருக்கிறது, எபிட்டா 14.4 கோடி, அதாவது விற்பனையில் 15 சதவீதம். தேய்மானம் 4 கோடியும் வட்டி 3 கோடியும் போக 7.4 கோடி மிஞ்சி, அதில் ஏறத்தாழ கால் பங்கான 1.9 கோடியை வரியாகக் கொடுத்தபின் நிகர லாபம் 5.5 கோடி என்று லாப நட்டக் கணக்கு முடிகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லாத ஆண்டு அது.

ஆனால் இந்த 12 கோடி விற்பனை உயர்வு இலவசமாக வரவில்லை. போட்டியில் ஆர்டரைப் பிடிப்பதற்காக விற்பனைப் பிரிவு, இரண்டு மாதமாக இருந்த கடன் தவணையை மூன்று மாதமாக நீட்டிக் கொடுத்திருக்கிறது. சென்ற ஆண்டு இறுதியில் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி இரண்டு மாத விற்பனையான 14 கோடியாக இருக்க, இந்த ஆண்டு இறுதியில் அது மூன்று மாத விற்பனையான 24 கோடி. ஆக, இந்த ஆண்டு விற்றதாகப் பதிவான தொகையைவிட 10 கோடி குறைவாகவே பணம் வந்திருக்கிறது. பெரிய ஆர்டர்களை எதிர்பார்த்து வாங்கிக் குவித்த தாமிரக் கம்பியும் முடிந்த பம்புகளும் கிடங்கில் 12 கோடியிலிருந்து 16 கோடியாகப் பெருகியிருப்பதால் அங்கே மேலும் 4 கோடி முடங்கியிருக்கிறது. சரக்கு தந்தவர்களுக்குத் தரவேண்டிய பாக்கி 9 கோடியிலிருந்து 11 கோடியாகக் கூடியதால் 2 கோடி மட்டும் தற்காலிகமாக மிச்சம். வரவேண்டிய பாக்கியையும் இருப்புச் சரக்கையும் கூட்டி, தரவேண்டிய பாக்கியைக் கழித்தால் கிடைப்பதை நடைமுறை மூலதனம் என்பார்கள். அது இந்த ஓராண்டில் 12 கோடி விழுங்கியிருக்கிறது.

எனவே 14.4 கோடி எபிட்டாவில் ரொக்கமாக மாறியது 2.4 கோடி மட்டுமே. அதில் வரி 1.9 கோடி போக 50 லட்சம் மிஞ்சுகிறது. பழைய கடைசல் இயந்திரங்களை மாற்றுவதற்கு 5 கோடியும் வங்கி வட்டிக்கு 3 கோடியும் கொடுத்ததும் 7.5 கோடி ரூபாய் துண்டு விழுகிறது. 5.5 கோடி லாபம் கண்ட நிறுவனம் 7.5 கோடி ரூபாய்க்குப் புதுக் கடன் தேடி வங்கிக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்தக் கடனுக்கான வட்டி அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறும். இதில் கவனிக்கத்தக்கது, பழைய இரண்டு மாதத் தவணையே நீடித்திருந்தால் பாக்கி 16 கோடியில் நின்றிருக்கும் என்பதும், மற்ற எதுவும் மாறாமலேயே துண்டு மறைந்து 50 லட்சம் கையில் எஞ்சியிருக்கும் என்பதும்தான். எபிட்டா இரண்டு நிலையிலும் அதே 14.4 கோடி.

இந்தக் கற்பனைக் கணக்கின் பெரிய வடிவம் அமெரிக்காவில் உண்மையாகவே நடந்திருக்கிறது. 1906ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் தொடங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளாக வளர்ந்த டபிள்யூ. டி. கிராண்ட் என்னும் சில்லறை வணிக நிறுவனம், 1960களின் நடுப்பகுதியிலிருந்து வேகமாகப் புதுக் கடைகள் திறந்தது. துணிமணியோடு மரச்சாமான்களையும் வீட்டு உபயோகப் பொருள்களையும் சேர்த்து, அவற்றை விற்பதற்காக வாடிக்கையாளர்களுக்குத் தானே தாராளமாகக் கடன் கொடுத்தது. லாபம் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்ததால் 1973ல்கூட அதன் பங்கு, ஒரு பங்கின் ஆண்டு ஈட்டத்தைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு விலைக்கு விற்றது. ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டில் பெரும்பாலான ஆண்டுகளில் அதன் தொழில் ரொக்கத்தை ஈட்டவில்லை, உறிஞ்சியது. அந்த இடைவெளியைக் கடன் நிரப்பி வந்தது. 1974ல் 143 வங்கிகள் சேர்ந்து 60 கோடி டாலர் கொடுத்தும் பயனில்லாமல், 1975 அக்டோபரில் நிறுவனம் திவால் மனு செய்தது. அடுத்த ஆண்டே கலைக்கப்பட்டது. இந்த வழக்கை ஆராய்ந்து லார்கே, ஸ்டிக்னி என்ற இரு கணக்கியல் பேராசிரியர்கள் 1980ல் எழுதிய கட்டுரை, லாபத்தையும் விகிதங்களையும் மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாதது இயக்கப் பணப்பாய்வைப் பார்த்திருந்தால் பல ஆண்டுகள் முன்பே தெரிந்திருக்கும் என்று காட்டியது. அக்காலத்தில் அப்படியொரு அறிக்கை வெளியிடும் கட்டாயம் அமெரிக்காவில் இல்லை, 1987ல்தான் வந்தது.

கிராண்ட் நிறுவனத்தின் பள்ளம் நடைமுறை மூலதனத்தில் இருந்தது. இரண்டாவது பள்ளம் மூலதனச் செலவில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள 2002ல் வீழ்ந்த வேர்ல்டுகாம் தொலைபேசி நிறுவனம்போலத் தெளிவான சான்று வேறில்லை. பிற நிறுவனங்களின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கு அது மாதந்தோறும் கொடுத்த கட்டணம், அன்றாடச் செலவாக அந்தந்தக் காலாண்டிலேயே கழிக்கப்பட வேண்டியது. தலைமை நிதி அதிகாரி ஸ்காட் சல்லிவனின் காலத்தில் அதன் ஒரு பகுதி, சொத்து வாங்கிய செலவுபோல மூலதனக் கணக்குக்கு மாற்றி எழுதப்பட்டது. சொத்தின் விலை லாபத்திலிருந்து தேய்மானமாகச் சிறுகச் சிறுகத்தான் கழியும், எபிட்டாவோ தேய்மானத்தையே கழிக்காது என்பதால், மாற்றி எழுதப்பட்ட ஒவ்வொரு டாலரும் அப்படியே எபிட்டாவில் ஏறியது. சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு, உரிய ஒப்புதல் ஆவணம் இல்லாத மூலதனச் செலவுகளைத் துருவியபோது இது வெளிப்பட்டது. 2001ல் 305.5 கோடி டாலரும் 2002ன் முதல் காலாண்டில் 79.7 கோடி டாலரும் இவ்வாறு மாற்றப்பட்டதாக 2002 ஜூன் 25 அன்று நிறுவனம் அறிவித்தது. 2001ல் சுமார் 140 கோடி டாலர் லாபம் என்று சொல்லப்பட்டிருந்தது நட்டமாக மாறியது. நான்கு வாரத்தில் திவால் மனு தாக்கலானது.

இங்கே சுவையான நுட்பம் ஒன்று உண்டு. மாற்றி எழுதியதால் எபிட்டா மட்டுமன்றி இயக்கப் பணப்பாய்வும் வீங்கியது, ஏனெனில் அந்தக் கட்டணம் அந்த அறிக்கையிலும் இயக்கப் பகுதியை விட்டு முதலீட்டுப் பகுதிக்கு நகர்ந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எஞ்சும் ரொக்கம் மட்டும் ஒரு டாலர்கூட நகரவில்லை: ஒரு கழித்தல் குறைந்த அளவுக்கு இன்னொரு கழித்தல் கூடியிருந்தது. பணம் என்ன பெயரில் வெளியேறினாலும் வெளியேறியதுதான் என்ற நிலையில் நிற்பதே அந்த எண்ணின் பலம்.

மோசடி ஏதுமின்றி, கணக்கியல் விதி மாறுவதாலேயே எபிட்டா உயர்வதும் உண்டு. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த குத்தகைக் கணக்கு விதிப்படி, கடைக்கும் அலுவலகத்துக்கும் கொடுக்கும் நீண்டகால வாடகை, வாடகை என்ற பெயரை இழந்து தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிகிறது. பணப்பாய்வு அறிக்கையில் அது நிதித் திரட்டல் பகுதிக்குப் போய்விடுகிறது. சில்லறை வணிக நிறுவனங்களின் எபிட்டா இதனால் ஒரே ஆண்டில் பெருகியது; கட்டட உரிமையாளருக்குப் போகும் காசோலையின் தொகை மாறவில்லை. இந்திய விதிப்படி, வங்கி போன்ற நிதி நிறுவனங்கள் தவிர்த்த பிற நிறுவனங்களுக்கு, கட்டிய வட்டியும் அதே நிதித் திரட்டல் பகுதியில்தான் இடம்பெறுகிறது. ஆகவே இந்திய ஆண்டறிக்கை ஒன்றிலிருந்து எஞ்சும் ரொக்கத்தைக் கணக்கிடுபவர், இயக்கப் பணப்பாய்விலிருந்து மூலதனச் செலவைக் கழித்தவுடன் நிறுத்தாமல், நிதித் திரட்டல் பகுதிக்கு இறங்கி வட்டியையும் குத்தகைத் தவணையையும் தேடிக் கழிக்க வேண்டும். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் எண்கள் பலவும் இந்த இரண்டாவது படியைச் செய்வதில்லை.

எஞ்சும் ரொக்கம் எதிர்மறையாக இருப்பதெல்லாம் நோயின் அறிகுறி அல்ல. புதிய ஆலை கட்டும் சிமெண்ட் நிறுவனத்தில் இரண்டு மூன்று ஆண்டு அப்படி இருப்பது இயல்பு. அதனால் ஓராண்டு எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாமல், ஐந்தாண்டு எபிட்டாவைக் கூட்டி, அதே ஐந்தாண்டின் இயக்கப் பணப்பாய்வை எதிரில் வைத்துப் பார்ப்பது நல்லது. வரி போக மீதி பெரும்பாலும் வந்து சேர்ந்திருந்தால், இடையில் ஏற்பட்ட தடுமாற்றம் தவணை நாள்களின் விளையாட்டு மட்டுமே. ஐந்தாண்டிலும் பாதிகூட வராமல், பாக்கி விற்பனையைவிட வேகமாகப் பெருகி, லாபமும் கடனும் கைகோத்து ஏறினால், ஏட்டில் உள்ள பாக்கிதாரர்கள் யார், ஆறு மாதத்தைத் தாண்டிய பாக்கி எவ்வளவு என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். கணக்குக் குறிப்புகளில் பாக்கியின் வயதைக் காட்டும் அட்டவணை இதற்காகவே இருக்கிறது.

ரொக்கக் கணக்கையும் சிறிது காலத்துக்கு அலங்கரிக்க முடியும். 2018 ஜனவரியில் கலைக்கப்பட்ட பிரிட்டனின் கேரிலியன் கட்டுமான நிறுவனம், துணை ஒப்பந்ததாரர்களுக்கான தவணையை 120 நாள் வரை நீட்டியது. முன்னதாகப் பணம் வேண்டியவர்களுக்கு வங்கி தள்ளுபடி கழித்துக் கொடுத்துவிட்டு, பிறகு நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் செய்தது. உண்மையில் வங்கிக் கடனான அது, ஐந்தொகையில் கடனாக அல்லாமல் தரவேண்டிய இதர பாக்கியாக நின்றதால், இயக்கப் பணப்பாய்வு ஆரோக்கியமாகவும் கடன் குறைவாகவும் தோன்றின. பம்ப்செட் தொழிற்சாலையின் கணக்கில் 2 கோடி மிச்சமாகத் தெரிந்த அந்தத் தரவேண்டிய பாக்கி, மற்றவை சுருங்கும்போதும் தான் மட்டும் கொழுத்துக்கொண்டே போனால், எஞ்சும் ரொக்கத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அந்தத் தொகையைக் கழித்துத்தான் படிக்க வேண்டும்.