தாலி கட்டிய மறுமாதக் கணக்கு

கல்யாணத்துக்குக் கடன் வாங்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் சேர்த்துவைத்துச் செய்யலாமா? வடசென்னையில் வேலைக்குப் போகும் பல இளம் ஜோடிகள் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். விடை நாலைந்து எளிய கணக்குகளில் இருக்கிறது. அவற்றைப் போட்டுப் பார்க்க மூலக்கொத்தளத்தில் ஒரு ஜோடியைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஒருவர் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறார். சம்பளம் 19,000 ரூபாய். அவர் கட்டிக்கொள்ளப்போகிறவர் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார், சம்பளம் 13,000. இருவரும் இப்போது பெற்றோர் வீட்டில் இருக்கிறார்கள். வீட்டுக்குக் கொடுத்தது, பஸ், சாப்பாடு எல்லாம் போக இருவருக்குமாக மாதம் 15,000 மிஞ்சுகிறது. கையில் 1,60,000 இருக்கிறது.

கல்யாணச் செலவை 4 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். தாலியும் நகையும் 1 லட்சம். சின்ன மண்டபமும் 400 பேர் சாப்பாடும் 1,50,000. துணிமணி 50,000. வீட்டு அட்வான்ஸ், பாத்திரம் பண்டம் 60,000. பத்திரிகை, போட்டோ, மேளம் 40,000. குறைவது 2,40,000. மாதம் 15,000 சேர்த்தால் 16 மாதம் ஆகும்.

"எதுக்குப்பா பதினாறு மாசம்? பேங்க்ல லோன் போட்டு வர்ற தையிலயே முடிச்சிடலாம். சேக்குற பணத்தையே டியூவா கட்டிடலாம்" என்கிறார் யார்டில் வேலை செய்பவர். கணக்கும் அவர் பக்கம்தான் பேசுகிறது. ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில், குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்ற முறையில் 2,40,000 வாங்கி 18 மாதத்தில் அடைப்பதென்றால் தவணை ஏறத்தாழ 14,860. மொத்த வட்டி 27,500 ரூபாய்தான். இத்தனை மாதம் முன்னதாகக் கல்யாணம் முடிய இது பெரிய விலை இல்லை என்றே யாருக்கும் தோன்றும்.

ஜவுளிக்கடையில் பில் போடுபவர் கேட்கிற ஒரே கேள்வியில் இந்தக் கணக்கு சரிந்துவிடுகிறது. "கல்யாணம் ஆன அடுத்த மாசமும் நம்ம கையில பதினஞ்சு நிக்குமா?"

நிற்காது. தனிக்குடித்தனம் போனால் வாடகை 8,000, கரண்டும் தண்ணீரும் 1,000, மளிகை, கேஸ், காய்கறி 8,000, போக்குவரத்து 3,000. இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் சேர்த்து 6,000 கொடுத்தே ஆகவேண்டும். மொத்தம் 26,000. வருமானம் 32,000. மிஞ்சுவது 6,000. கல்யாணக் கடன் முழுவதும் கல்யாணத்துக்குப் பிறகுதான் அடைபடும். ஆகவே தவணையை இந்த 6,000-த்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். பெற்றோர் வீட்டில் இருக்கும்போது மிஞ்சும் பணத்தைக் காட்டிக் கடன் வாங்குவதுதான் புதுக் குடித்தனங்களை முதல் வருடத்திலேயே நெருக்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அதே கடனை மாதம் 6,000 வீதம் கட்டினால் 55 மாதம் ஆகும். வட்டி 85,000. அதுவும் அந்த நாலரை வருடத்தில் ஒரு பிரசவம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, ஒரு மாதம் வேலை இல்லாமை எதுவுமே வராது என்று வைத்துக்கொண்டால்தான்.

பேங்கில் கிடைக்காவிட்டால் தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு வாங்கலாம் என்பது அடுத்த யோசனை. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். 2,40,000-க்கு மாத வட்டி மட்டும் 7,200. கையில் மிஞ்சுவதோ 6,000. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மாதம் 1,200 கடன் ஏறிக்கொண்டே போகும். தண்டல் இதைவிடக் கடுமை. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டி போன்றவற்றோடு தண்டலையும் சேர்த்தே தடுக்கிறது. அந்தப் பக்கம் கால் வைக்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'பிளாட் 14 சதவீதம்' என்று சொல்லிக் கொடுக்கும் கடன் மேலே சொன்ன 14 சதவீதம் ஆகாது. அதில் அசல் குறையக் குறைய வட்டி குறையாது. கடைசி மாதம் வரை முழு 2,40,000-க்கும் வட்டி போடுவார்கள். 18 மாதக் கடனுக்கு வட்டி 50,400 வரும். உண்மையான வட்டி விகிதம் சுமார் 25 சதவீதம்.

சரி, காத்திருந்தால் செலவே இல்லையா? இருக்கிறது. விலைவாசி ஏறும். எல்லாவற்றையும்விடப் பவுன் விலை யாருக்கும் பிடிபடாமல் ஏறுகிறது. அதனால் இவர்கள் செய்யவேண்டிய முதல் வேலை, கையிலிருக்கும் 1,60,000-இல் தாலிக்கும் நகைக்குமான 1 லட்சத்துக்கு இப்போதே பவுன் வாங்கிவிடுவது. பிறகு விலை ஏறக்கூடியது மீதி 3 லட்சம் மட்டும்தான். பதினாறு மாதம் முழுக்கக் காத்திருக்காமல் ஒரு வருடம் மட்டும் பொறுத்தால், அது அதற்குள் 10 சதவீதம் ஏறும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 30,000 கூடும். மாதம் 15,000-ஐ 6.5 சதவீத ஆர்.டி.யிலும், மிச்சமுள்ள 60,000-ஐ அதே வட்டியில் டெபாசிட்டிலும் போட்டால் 12 மாதத்தில் சுமார் 10,200 வட்டி வரும்.

வருடக் கடைசியில் பவுனும் பணமுமாக அவர்களிடம் ஏறத்தாழ 3,50,000 இருக்கும். தேவை 4,30,000. குறைவது 80,000. அதற்கு மட்டும் 14 சதவீதத்தில் கடன் வாங்கி மாதம் 6,000 கட்டினால் 15 மாதத்தில் அடைந்துவிடும். வட்டி சுமார் 7,400. விலை ஏற்றத்தில் டெபாசிட் வட்டியைக் கழித்து இதைக் கூட்டினால், ஒரு வருடம் பொறுத்ததற்கான மொத்த விலை 27,000-க்குக் கொஞ்சம் மேல். இப்போதே கடன் வாங்கினால் 85,000.

சாப்பாட்டை 300 பேரோடு நிறுத்தினால், இலைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 மிச்சம். பதினைந்து தவணை பத்தாகிவிடும். மொய் வருமே என்று சிலர் சொல்வார்கள். மொய் நோட்டில் எழுதியதெல்லாம் நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்யவேண்டிய பணம். அதை நம்பிக் கடன் தொகையை ஏற்றக்கூடாது. வந்தால் தவணையை முன்கூட்டி அடைக்கலாம்.

எல்லா ஜோடிக்கும் விடை இதுவே ஆகாது. கல்யாணத்துக்குப் பிறகும் பெற்றோர் வீட்டிலேயே இருக்கப்போகிறவர்களுக்கு வாடகை இல்லை. மிச்சம் அவ்வளவாகக் குறையாது. அவர்கள் பேங்க் கடன் வாங்குவதில் தவறில்லை. வீட்டில் பெரியவர் ஒருவர் உடல்நிலை மோசமாக இருந்து கல்யாணத்தைப் பார்க்க ஆசைப்பட்டால், அதற்கு எந்த வட்டிக் கணக்கும் பதில் சொல்லாது. அப்போது செலவைக் குறைத்துக் கோயிலிலோ பதிவு அலுவலகத்திலோ முடிப்பதுதான் வழி.

நம் ஜோடி அடுத்த வருடம் தையில் நாள் குறிக்கிறது. கடன் வாங்க நினைப்பவர்கள் முதலில் கல்யாணம் ஆன மறுமாதச் செலவைத் தாளில் எழுதி, மிஞ்சும் தொகைக்குள் தவணை அடங்குகிறதா என்று பாருங்கள். பிறகு பேங்கிலோ நிதி நிறுவனத்திலோ முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கி உத்தரவின்படி 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடனுக்கு அதைக் கொடுத்தே ஆகவேண்டும். வட்டியோடு பிராசசிங் கட்டணத்தையும் சேர்த்த ஆண்டுச் சதவீத விகிதம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த எண்ணைப் பாருங்கள்.