இன்ஜினியர் எழுதும் இரண்டு வரி

ஐப்பசி, கார்த்திகையில் பொதிகை மலைப் பக்கமிருந்து மாலை இடி இறங்கினால், அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை வரை ஏதாவது ஒரு தெருவில் பல்புகள் பளீரென்று எரிந்து அணையும். வீடாக இருந்தால் டிவியோ மிக்ஸியோ போகும். அந்தத் தெருவில் ஒரு கிளினிக் இருந்து, உள்ளே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் நஷ்டம் லட்சக்கணக்கில் போய் நிற்கும்.

“கரண்டு கூடுதலா வந்துட்டு, மெஷின் போயிட்டு” என்று டாக்டர் கம்பெனிக்கு போன் போடுவார். சர்வீஸ் இன்ஜினியர் வந்து திறந்து பார்த்து, ‘மின்னழுத்தம் திடீரென்று உயர்ந்ததால் போர்டு பழுது, மாற்ற வேண்டும்’ என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாளை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, காரணத்தை இன்ஜினியரே சொல்லிவிட்டார், இனிமேல் என்ன தடை என்று நம்பிக்கையோடு காத்திருப்போம். பிறகு ஒரு நாள் மறுப்புக் கடிதம் வரும். அந்த இரண்டு வரி ஏன் போதவில்லை, எது இருந்தால் போதும் என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் கையில் இருக்கும் பாலிசி எது என்று எடுத்துப் பார்க்க வேண்டும். வங்கிக் கடனுக்காக எடுத்த தீ விபத்துப் பாலிசிதான் பல கிளினிக்குகளில் இருக்கும். அதில் பெரும்பாலும், கூடுதல் அழுத்தத்தாலோ ஷார்ட் சர்க்யூட்டாலோ ஒரு மின்கருவி தானே கெட்டுப்போனால் அந்தக் கருவிக்குப் பணம் கிடையாது என்று விலக்கு எழுதியிருக்கும். அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால் அவற்றுக்கு உண்டு. ஸ்கேன் மெஷினுக்கு ஏற்றது எலக்ட்ரானிக் எக்யுப்மெண்ட் பாலிசி. திடீரென்று, எதிர்பாராமல் நேரும் சேதத்தை அது ஏற்கும். தேய்மானத்தை ஏற்காது. அதன் வழக்கமான வாசகத்தில் இன்னொரு விலக்கும் உண்டு: மின்சாரம் தடைப்பட்டதால் நேர்ந்த சேதம். இந்த இரண்டு விலக்குகளையும் மனதில் வைத்துக்கொள்வோம்.

அன்று மாலை கம்பியில் என்ன நடந்திருக்கும்? மின்னல் இறங்கினாலோ பெரிய சுவிட்ச் ஒன்று போடப்பட்டாலோ, நொடியில் லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ந்து போய்விடலாம். அது கண்ணுக்குத் தெரியாது. நம் தெருக்களில் அதைவிட அதிகம் நடப்பது வேறு: கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்துபோவது. மூன்று ஃபேஸுக்கும் பொதுவாகத் திரும்பும் வழி அந்த நியூட்ரல்தான். அது போனால், இரண்டு ஃபேஸுக்கு இடையே இருக்கும் சுமார் 400 வோல்ட், அவற்றில் இணைந்திருக்கும் வீடுகளுக்குள் ஏற்றத்தாழ்வாகப் பிரியும். குறைவான கருவிகள் ஓடும் பக்கம் 230 வோல்ட் இருந்த இடத்தில் 350 கூட ஏறும். அதனால்தான் ஒரு கடையில் விளக்கு கண்ணைப் பறிக்க, பக்கத்துக் கடையில் மங்கிப் போகும். லைன்மேன் வந்து கட்டும் வரை இது நிமிடக்கணக்கில் நீடிக்கலாம்.

இந்த இரண்டும் மெஷினுக்குள் வேறு வேறு தடயத்தை விடும். கரண்ட் உள்ளே நுழையும் வாசலில் வேரிஸ்டர் என்று ஒரு சிறு வட்டமான பாகம் உண்டு. அழுத்தம் எல்லை மீறினால் அதைத் தன் மேல் இழுத்துக்கொள்வது அதன் வேலை. நொடிப்பொழுதுப் பாய்ச்சலைப் பலமுறை தாங்கும். 350 வோல்ட் விடாமல் நின்றால் வெந்து, வெடித்து, கருகிப்போகும், ஃப்யூஸும் போகும். அதற்கு அடுத்து இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் டிசி தாங்குவதாக இருக்கும். 230 வோல்ட் ஏசி உள்ளே வந்தால் அதன் மேல் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். 350 வோல்ட் வந்தாலோ 490-ஐத் தாண்டிவிடும். மேல் மூடி பிளந்துவிடும்.

கெப்பாசிட்டர் வயதானாலும் உப்பும் என்பதுதான் சிக்கல். ஏழெட்டு வருஷம் தூசியிலும் சூட்டிலும் ஓடிய மெஷினில் வேரிஸ்டர் சுத்தமாக இருந்து, ஃப்யூஸ் நன்றாக இருந்து, கெப்பாசிட்டர் மட்டும் உப்பியிருந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். மெஷினின் பிழைப் பதிவில், சம்பவத்துக்குப் பல வாரம் முன்பிருந்தே பவர் சப்ளைக் கோளாறுகள் பதிவாகியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இங்கேதான் எல்லோரும் இடறுகிறோம். இன்ஜினியரின் அறிக்கையைத் தீர்ப்பு என்று நினைக்கிறோம். அது சாட்சியம் மட்டுமே. தீர்மானிப்பதற்கு சர்வேயர் வருவார். அவர் தேடுவது இன்ஜினியரின் முடிவை அல்ல, அவர் கண்டதை. டாக்டர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். அவர்கள் தரும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் முதலில் கண்டவை இருக்கும்: கல் எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர், சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று. அதற்குப் பிறகுதான் கடைசி வரியில் முடிவு. கண்டவை எதுவும் இல்லாமல் ‘கல் இருக்கிறது’ என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை எந்த அறுவை மருத்துவரும் கையில் வாங்க மாட்டார். நம் இன்ஜினியரின் இரண்டு வரி அப்படிப்பட்டதுதான்.

சர்வேயர் அந்த முடிவை நம்பத் தயங்குவதற்கு நியாயமான ஒரு காரணமும் இருக்கிறது. கிளினிக்குக்கும் மெஷின் கம்பெனிக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கும். பாகங்களும் அடங்கிய முழு ஒப்பந்தமாக இருந்தால், தேய்ந்துபோன போர்டைக் கம்பெனி தன் செலவில் மாற்ற வேண்டும். வெளியிலிருந்து வந்த மின்சாரத்தால் கெட்டது என்றால் பொதுவாக ஒப்பந்தம் பொறுப்பேற்காது. கிளினிக் பணம் கட்ட வேண்டும். ஆக, ‘வெளி மின்சாரம்தான் காரணம்’ என்று எழுதுவதில் அந்த இன்ஜினியரின் கம்பெனிக்கே லாபம் இருக்கிறது. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். கண்டதை எழுதாவிட்டால் அந்த நேர்மை தாளில் தெரியாது. அதே நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி ‘உள்ளேயே தேய்ந்தது’ என்று சொல்லிவிடும். இரண்டு பக்கமும் கைவிரிக்க, நடுவில் கிளினிக் நிற்கும்.

அப்படியானால் நல்ல அறிக்கை எப்படி இருக்கும்? புரிந்துகொள்வதற்காக ஒரு கிளினிக்கைக் கற்பனை செய்துகொள்வோம். மாலை ஆறே முக்காலுக்கு விளக்குகள் பளீரென்று எரிந்தன, ஏசி நின்றது, ஸ்கேன் மெஷினிலிருந்து கருகல் வாடை. பக்கத்து மருந்துக்கடை ஃபிரிட்ஜும் அதே நேரத்தில் போனது. டாக்டர் மெயின் சுவிட்சை அணைத்தார், மறுபடி போட்டுப் பார்க்கவில்லை. எட்டு மணிக்கு மின்வாரிய ஊழியர் வந்து கம்பத்தில் நியூட்ரலைக் கட்டினார். புகார் எண்ணைக் கிளினிக் குறித்துவைத்தது. மறுநாளே பிரிவு அலுவலகத்தில் அந்தப் பழுதைக் குறிப்பிட்டுச் சான்று கேட்டு மனு கொடுத்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்தது.

இன்ஜினியர் இப்படி எழுதுகிறார்: மெஷினின் வரிசை எண், கடைசி சர்வீஸ் தேதி, அன்று மெஷின் நன்றாக ஓடியது. நுழைவு ஃப்யூஸ் இரண்டும் போயிருக்கின்றன. வேரிஸ்டர் வெடித்துக் கருகியிருக்கிறது. கெப்பாசிட்டர் மூடி பிளந்திருக்கிறது. அதிலிருந்து ஊட்டம் பெறும் போர்டில் இன்ன பாகங்கள் ஷார்ட். புரோப்கள் சேதமில்லை. பிழைப் பதிவில் 6.40 வரை எந்தக் கோளாறும் இல்லை. முன்னால் இருந்த சர்வோ ஸ்டெபிலைசர் 270 வோல்ட் வரை சமாளிக்கக்கூடியது, அதுவும் கருகியிருக்கிறது. இப்போது அளந்ததில் ஃபேஸ்-நியூட்ரல் 232 வோல்ட், நியூட்ரல்-எர்த் 2 வோல்ட். எல்லாவற்றுக்கும் படம். இவ்வளவையும் சொன்ன பிறகு முடிவு: நீடித்த கூடுதல் மின்னழுத்தத்துக்குப் பொருந்தும் சேதம், தேய்மானத்தின் அடையாளம் தென்படவில்லை.

இதைப் படிக்கும் சர்வேயர் ஒவ்வொன்றையும் நேரில் சரிபார்க்கலாம். ஸ்டெபிலைசரைப் பற்றிய வரியை விட்டிருந்தால், ‘இடையில் பாதுகாப்பு இருந்ததே, அதைத் தாண்டி எப்படி வந்தது?’ என்று கட்டாயம் கேட்டிருப்பார். யுபிஎஸ் இருக்கும் இடத்திலும் இதே கேள்விதான். இன்ஜினியர் அவசரத்தில் ‘பவர் ஃபெய்லியர்’ என்று எழுதியிருந்தாலோ, நாம் மனதில் வைத்திருந்த அந்த விலக்குக்குள் கோரிக்கை நேராகப் போய் விழுந்திருக்கும். கரண்ட் போனதால் கெட்டதற்கும் கரண்ட் கூடியதால் கெட்டதற்கும் பாலிசியில் அவ்வளவு தூரம். எது நடந்ததோ அதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு அபாயம் உண்டு. மெஷின் கம்பெனிகள் பழைய போர்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு புதியதைக் குறைந்த விலைக்குத் தருவது வழக்கம். இன்ஜினியர் நல்லெண்ணத்தோடு அன்றே கருகிய போர்டை எடுத்துப் போய்விடுவார். சர்வேயர் வரும்போது பார்க்க ஒன்றுமே இருக்காது. சர்வேயர் பார்த்து, எழுத்தில் சம்மதம் தரும் வரை போர்டு கிளினிக்கிலேயே இருக்கட்டும். மாற்று மெஷின் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து வைப்பதும் எளிதல்ல. அல்ட்ராசவுண்ட் மெஷின்கள் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவை; கருவி மாறினால் உரிய அதிகாரிக்கு முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும்.

இனி பணம். நம் கிளினிக்கில் பழுதுபார்ப்புச் செலவு 4,00,000 ரூபாய் என்று வைப்போம். பகுதிச் சேதத்துக்கு இந்தப் பாலிசி பொதுவாகப் புதுப் பாகத்தின் விலையில் வயதுக் கழிவு செய்வதில்லை. ஆனால் காப்பீட்டுத் தொகை, அதே திறனுள்ள புது மெஷினின் இன்றைய விலையாக இருக்க வேண்டும். டாக்டர் தான் வாங்கிய விலையான 18 லட்சத்துக்கே ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்து வந்தார். இன்றைய விலை 24 லட்சம். முக்கால் பங்குக்குத்தான் காப்பீடு என்பதால் செலவிலும் முக்கால் பங்கு, 3,00,000. அதில் கிளினிக் ஏற்க வேண்டிய பங்கு 5 சதவீதம் என்றால் 15,000 போக, கைக்கு வருவது 2,85,000.

இவ்வளவும் செய்து சர்வேயர் எதிராக எழுதினாலும் அதுவே கடைசி வார்த்தை அல்ல. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்துக்கும் பிரதீப் குமார் என்பவருக்கும் இடையிலான வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சர்வேயரின் அறிக்கை ஓர் அடிப்படைதான், போதிய காரணம் இருந்தால் அதிலிருந்து விலகலாம். திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போகலாம். அங்கேயும் முதலில் கேட்கப்படுவது இன்ஜினியர் என்ன கண்டார் என்பதுதான். ஆகவே அடுத்த முறை அவர் தாளை நீட்டும்போது கையெழுத்துக்கு முன் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, கண்டதையெல்லாம் எழுதிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.