லிபரோவின் ரெஸ்யூமே

வாலிபாலில் வேறு நிற ஜெர்சி போட்டுக்கொண்டு பின்வரிசையில் மட்டும் ஆடுபவர் லிபரோ. வலையின் உயரத்துக்கு மேல் வரும் பந்தை எதிரணிப் பக்கம் அடிக்க விதி அவரை விடாது. எதிரணியின் சர்வீஸையும் ஸ்மாஷையும் எடுத்துச் செட்டரிடம் சேர்ப்பதே அவர் வேலை. அதனால் இத்தனை புள்ளி அடித்தேன் என்று சொல்லிக்கொள்ள அவரிடம் எதுவும் இருக்காது. அப்படிப்பட்டவர் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தனியார் நிறுவனத்தில் வேலை தேடினால் ரெஸ்யூமேயில் என்ன எழுதுவார்?

வாங்கிய பதக்கங்களை வரிசையாக எழுதி, அடியில் 'கட்டுப்பாடு, கூட்டு முயற்சி' என்று சேர்ப்பதுதான் வழக்கம். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு எந்த மட்டத்தில் ஆடினார் என்ற சான்றிதழே பேசும். தனியார் நிறுவன ஹெச்.ஆருக்கோ பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியும் மாவட்டப் போட்டியும் பெரும்பாலும் ஒன்றுதான். கட்டுப்பாடு என்ற சொல்லோ வருகிற விண்ணப்பம் எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஒரு லிபரோ, சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அணிக்கு ஒரு தொல்லை இருந்தது. சர்வீஸ் பந்து இரண்டு பேருக்கு நடுவில் வரும். அவள் எடுப்பாள் என்று இவளும் இவள் எடுப்பாள் என்று அவளும் நிற்க, பந்து தரையில் விழும். இவர் ஸ்கோர் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். மேட்சுக்கு 7 புள்ளி இப்படிப் போயிருந்தது. நடுவில் வரும் பந்து இடப்பக்கம் நிற்பவருடையது, எடுப்பவர் குரல் கொடுத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்து, மூன்று வாரம் தினமும் அதையே பயிற்சி செய்ய வைத்தார். அடுத்த தொடரில் இழப்பு 3 புள்ளியாகக் குறைந்தது.

ரெஸ்யூமேயில் எழுத வேண்டியது இதைத்தான்: என்ன சிக்கல், தான் என்ன செய்தார், எண்ணிக்கை எதிலிருந்து எதுவானது. ஷிஃப்ட் மாறும்போது யார் பொறுப்பு என்று தெரியாமல் சரக்கு தேங்குவதைப் பார்த்த மேலாளருக்கு வாலிபால் தெரிய வேண்டியதில்லை. கட்டுப்பாட்டுக்கும் இதே வழிதான். காலை ஐந்தரை மணிப் பயிற்சியோடு பி.காம். படிப்பை அரியர் இல்லாமல் முடித்ததை மதிப்பெண் பட்டியலைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளலாம்.

நேர்முகத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அணியில் வளர்ந்தவர்களுக்கு 'நாங்க ஜெயிச்சோம்' என்றுதான் வாயில் வரும். 'அதில் நீங்கள் செய்தது என்ன?' என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். கூச்சம் நல்ல குணம்தான், ஆனால் இங்கே அது உண்மையை மறைத்துவிடுகிறது. எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. அணியின் வெற்றி முழுவதையும் தன் கணக்கில் எழுதியவர், தோற்ற மேட்சைப் பற்றிய ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வார். முறையை மாற்றியது தான், மற்ற ஐந்து பேரை ஒத்துக்கொள்ள வைத்தது கோச் என்றால் அப்படியே சொல்லலாம்.

இதெல்லாம் எக்ஸெல் தெரியும் என்பதற்குச் சான்றாகாது. அதைத் தனியாகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பழைய ஸ்கோர் தாள்களை இப்போதே படமெடுத்து வைப்பதும், விசாரித்தால் பேசுவதற்குக் கோச்சிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்குவதும், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டிய வேலைகள்.