விளம்பரம் காணாத விண்ணப்பக் கடிதம்

முன்பு சித்தூர் மாவட்டத்திலிருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துள்ள ஸ்ரீ சிட்டி தொழில் நகரத்தில் கார், சாக்லேட், ரயில் பெட்டி எனப் பலவகைப் பொருள்கள் உற்பத்தியாகின்றன. எந்த நிறுவனத்தில் எப்பணி காலியாக உள்ளதென அறியாமலே இங்கு விண்ணப்பக் கடிதம் எழுத நேர்வதுண்டு.

அத்தகைய கடிதத்தில் பணியின் பெயரை ஊகித்தெழுதுவதைவிடத் தொழிற்பிரிவைக் குறிப்பதே பொருத்தமாகும். ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டு ஃபிட்டர் பயிற்சி பெற்றவரை எடுத்துக்கொள்வோம். "ஃபிட்டர் பிரிவில் சான்றிதழ் பெற்றுள்ளேன், மைக்ரோமீட்டர் கொண்டு அளவெடுக்கவும், வரைபடம் பார்த்துப் பாகங்களைப் பொருத்தவும் அறிவேன், இரவு ஷிப்டுக்கும் இசைகிறேன்" என்னும் வாசகம் மேற்கூறிய எந்தத் தொழிற்சாலைக்கும் ஏற்கும்.

கடிதத்தைப் பிறர் எழுதித் தரும்போதுதான் சிக்கல் எழுகிறது. விண்ணப்பதாரரின் அனுபவத்தை அறியாதவர், '3 ஆண்டு அனுபவம்' என்று வழக்கமான வாசகத்தைச் சேர்த்துவிடக்கூடும். 2024இல் சான்றிதழ் பெற்றவர் 2025இல் அவ்வாறு கூறினால், நேர்காணலில் இரண்டையும் ஒப்பிட்டதும் அது பொய்த்துவிடும். உண்மையான தகுதியும் ஐயத்துக்குள்ளாகும்.

எனவே நிறுவனம், பணி, அனுபவம் ஆகிய மூன்றிடங்களையும் வெற்றிடமாக விட்டு, விண்ணப்பதாரரே நிரப்புமாறு தருவது முறை. அனுபவம் இல்லையெனில் அவ்வரியை நீக்கிவிடலாம். விளம்பரம் வெளிவந்தபின், அதில் கோரப்பட்ட தகுதிகளின் வரிசைப்படியே கடிதத்தைத் திருத்தியெழுதுதல் வேண்டும்.