ஓரம் தெரியாத பெட்டிக் கோலம்

வாசலில் போடும் சிக்குக் கோலம் ஓரத்துக்கு வந்ததும் வளைந்து திரும்பி, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். இனிப்புப் பெட்டியில் அச்சாகும் கோலத்துக்கு வேறு வேலை. மூடியின் மேல் ஓடி, மடிப்பைத் தாண்டி, பக்கவாட்டில் இறங்கும்போதும் அதன் கம்பி அறுந்ததாகத் தெரியக் கூடாது. அழகான முழுக் கோலம் ஒன்றை வரிசையாக அடுக்கினால் இது நடக்காது. ஒவ்வொன்றும் தன் ஓரத்தில் மூடிக்கொண்டு தனித்தனிக் கட்டமாகவே நிற்கும்.

கோலத்தை விதிகளாகப் பிரித்துப் பார்க்க முடியும் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-லேயே கணினி இலக்கண முறையில் கோலத்தை ஆராய்ந்து எழுதினார்கள். பெட்டிக்குத் தேவைப்படும் விதி அதைவிட எளியது. நேர்ப்புள்ளிக் கோலத்தில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கும், அல்லது கடக்காமல் வளைந்து திரும்பும். இந்த இரண்டில் எது என்று தீர்மானிப்பதுதான் முழு வடிவமைப்பும்.

மூடி 16 செ.மீ. சதுரம், பக்க உயரம் 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு செ.மீ. இடைவெளியில் நாலுக்கு நாலு புள்ளி வைத்தால், 4 செ.மீ. சதுரக் கட்டம் ஒன்று கிடைக்கும். பலரும் தவறுவது இங்கேதான். முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை வெட்டினால் அகலம் 3 செ.மீ.தான் வரும், கட்டங்களை ஒட்டும்போது இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஓரப் புள்ளிகளுக்கு வெளியே அரை செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். அப்போது வெட்டுக்கோடு புள்ளிகளுக்கு நடுவில் போகும். மடிப்பும் அதே கோட்டில் விழும், எந்தப் புள்ளியும் மடங்காது.

கட்டத்தின் ஒவ்வொரு ஓரத்திலும் இப்போது நான்கு இடங்கள் உண்டு. வலது ஓரத்தில் மேலிருந்து "கடக்கும், திரும்பும், திரும்பும், கடக்கும்" என்று வைத்தால், இடது ஓரத்திலும் அதே வரிசை வேண்டும். மேலும் கீழும் அப்படியே. கம்பி ஓரத்தைக் கடக்கும் இடத்தில் இருபுறமும் ஒரே சாய்வில், 45 பாகையில் போக வேண்டும். சாய்வு மாறினால் ஒட்டிய இடத்தில் முறிவு தெரியும்.

மூடியின் மூலை இன்னும் கறாரானது. முன்பக்கப் பட்டையும் வலப்பக்கப் பட்டையும் மடிந்து சேரும்போது, ஒன்றின் கோலம் மற்றதற்குக் கால் சுற்று திரும்பியிருக்கும். ஆகவே கட்டத்தைக் கால் சுற்றுத் திருப்பினாலும் அதே கோலம் வர வேண்டும். ஓர வரிசையும் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே சொன்ன வரிசை அப்படிப்பட்டதுதான். "கடக்கும், கடக்கும், திரும்பும், திரும்பும்" என்று வைத்துக் கால் சுற்றுக் கோலம் வரைந்தால் மேல் ஓரமும் கீழ் ஓரமுமே சேராது.

வண்ணங்களைக் குறைப்பது அழகுக்காக மட்டுமல்ல. செங்காவிப் பின்னணியை வழக்கமான நான்கு வண்ண அச்சில் கலந்து கொண்டுவந்தால், ரிஜிஸ்டர் சிறிது விலகினாலே வெள்ளைக் கம்பியின் ஓரங்களில் வேறு நிறம் கசியும். செங்காவியைத் தனி மையாகவே கலந்து ஒரே பிளேட்டில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. கம்பிக்கு மையே வேண்டாம். வெள்ளை அட்டையை அச்சடிக்காமல் விட்டால் அதுவே கோலமாவு. இரண்டாவது மையாகப் பச்சையைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். சைவ உணவுக்கான சதுரத்துக்குள் வட்டக் குறி எப்படியும் பச்சையில் வந்தாக வேண்டும். அதே மையில் புள்ளிகளையும் அடித்துவிடலாம். புள்ளி இருக்கும் இடத்தில் 3 மி.மீ. வெள்ளை வட்டம் விட்டு, நடுவில் ஒன்றரை மி.மீ. பச்சைப் புள்ளி வைத்தால், பச்சை மை கொஞ்சம் நகர்ந்தாலும் செங்காவியில் இடிக்காது. குறிக்கும் லேபிளுக்கும் வெற்றிடம் ஒதுக்க வேண்டும், அதையும் முழுக் கட்டங்களாகவே ஒதுக்கினால் கம்பி பாதியில் அறுந்து தொங்காது.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. பக்க உயரம் 5 செ.மீ. ஆனால் 4 செ.மீ. கட்டம் பொருந்தாது. 16-க்கும் 5-க்கும் பொதுவான அளவு 1 செ.மீ.தான் என்பதால் கட்டத்தைச் சுருக்கியும் பயனில்லை, கோலம் பொடியாகிவிடும். பெட்டியின் அளவையே 15-க்கு 5 என்று மாற்றிக்கொள்வது நல்லது.

பிளேட் போடுவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். கட்டத்தைத் தாளில் அச்செடுத்து, நான்காக வெட்டி, மூலைக்கு மூலை இடம் மாற்றி ஒட்டுங்கள். ஓரங்கள் நான்கும் நடுவுக்கு வந்துவிடும். பிசகு இருந்தால் அங்கே சிலுவை போலத் தெரியும். ஃபோட்டோஷாப்பில் Offset என்ற வசதியும் இதையே செய்யும். பிறகு முழு அளவில் ஒரு மூடியை மடித்து, நான்கு மூலைகளையும் பார்த்த பின்பே அச்சகத்துக்கு ஆர்டர் கொடுங்கள்.