கொக்குப்போல நில், கங்காருபோலத் துள்ளு: முன்பள்ளி முற்றத்துக்கு ஓர் அசைவுத் திட்டம்

நான்கு வயதுப் பிள்ளை எத்தனை எழுத்து எழுதும் என்று கேட்கும் பெற்றோர், அது ஒற்றைக்காலில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்பதில்லை. வன்னியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் நான் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் பார்க்கிறேன். மூன்று வயதில் இரண்டு மூன்று விநாடி, நான்கு வயதில் ஐந்து விநாடியளவு, ஐந்து வயதில் பத்து விநாடியளவு என்பது பொதுவான கணக்கு. பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும்.

அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலுள்ள கேர்ட்டின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான் பீக்கும் அவரது குழுவினரும் ‘அனிமல் ஃபன்’ என்றொரு திட்டத்தை உருவாக்கினார்கள். பயிற்சி என்று சொல்லாமல், விலங்குகளைப்போல நடக்கவும் துள்ளவும் எறியவும் விடுவதுதான் அதன் வழி. யாரும் வெல்வதுமில்லை, தோற்பதுமில்லை. 12 பாடசாலைகளில் 511 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தபோது, திட்டத்தில் சேர்ந்த ஆறு பாடசாலைகளின் பிள்ளைகளிடம் மட்டுமே அசைவுத்திறன் முன்னேறியிருந்தது. அந்த வழியை எங்கள் முற்றத்துக்கும் இங்குள்ள பொருட்களுக்கும் ஏற்ப மாற்றிச் செய்கிறேன்.

முதலில் சமநிலை. கொக்கு மீன் பார்த்து நிற்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் தாமாகவே ஒரு காலைத் தூக்குவார்கள். எதிரே ஒரு பூவையோ கல்லையோ காட்டி அதையே பார்க்கச் சொல்ல வேண்டும். கண் அலைந்தால் உடலும் ஆடும். முதலில் சுவரில் ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு ஒன்றுமில்லை. இரண்டு காலையும் மாற்றிப் பார்ப்பது அவசியம்.

அது வந்த பிறகுதான் கெந்தல். பெரியவர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். கெந்துவதென்றால் ஒரே காலால் உந்தி எழுந்து அதே காலில் இறங்க வேண்டும். நிற்க முடியாத கால் இறங்கவும் மாட்டாது. அதனால் முதலில் இரண்டு காலாலும் கங்காருத் துள்ளல். முழங்கால் மடிந்து, சத்தமில்லாமல் இறங்குகிறதா என்று காதால் கேளுங்கள். ‘தொம்’ என்று விழுந்தால் கால் விறைப்பாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு என் இரு கைகளையும் பிடித்தபடி ஒரு கெந்தல், அடுத்து ஒரு கையைப் பிடித்தபடி இரண்டு. குருமணலில் கால் புதையும் என்பதால் தொடக்கத்தில் இறுகிய மண்தரை நல்லது.

பந்து பிடிப்பதில் எங்களிடம் வந்த நாலரை வயதுப் பிள்ளையொன்றைச் சொல்கிறேன். பந்து வரும்போது கண்ணை மூடி முகத்தைத் திருப்பிவிடும். கை பலவீனமில்லை, பயம்தான். வீட்டில் கடினமான றப்பர் பந்து முகத்தில் பட்டிருக்கிறது. வழமையாக இதற்குப் பலூன் கொடுக்கச் சொல்வார்கள், ஏனென்றால் அது மெதுவாக இறங்கும். நான் பலூன் பாவிப்பதில்லை. வெடித்த துண்டு சிறுபிள்ளையின் தொண்டையில் அடைக்கலாம். தவிர, அந்தச் சத்தத்துக்குத் துடித்து எழும்பும் அம்மம்மாக்கள் எங்கள் வேலியோரத்தில் இருக்கிறார்கள். பழைய சேலையின் மெல்லிய துண்டை மேலே எறிந்தால் அதுவும் மிதந்துதான் வரும்.

ஒரு கிழமை துணி. பிறகு நிலத்தில் உருட்டிவிட்ட பந்து. அதன் பின் மேசுக்குள் துணி அடைத்துச் செய்த பெரிய பந்தை ஒரு மீற்றர் தூரத்திலிருந்து, நெஞ்சை நோக்கி, கீழ்க்கையால் போட்டேன். முதலில் இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தது. அது தவறல்ல, அந்த வயதில் அப்படித்தான். எட்டாவது கிழமையளவில் உள்ளங்கையால் பிடித்தது. கண் மூடாததுதான் எனக்குப் பெரிய அடையாளம். அந்தப் பிள்ளையின் தாத்தாவுக்கு ஒரு கால் இல்லை. கதிரையில் இருந்தபடியே மாலையில் பந்து போட்டவர் அவர்தான். இருந்தபடி போடும் பந்து பிள்ளையின் உயரத்திலேயே வருவதால் பிடிப்பதும் இலகு.

பேர்த் ஆய்வில் காலப்போக்கில் ஆண்பிள்ளைகள் முன்னேறினார்கள். பெண்பிள்ளைகளிடம் அது தெரியவில்லை. எங்கள் முற்றத்திலும் பந்து யார் கைக்குப் போகிறது என்று எண்ணிப் பார்த்தால் காரணம் ஓரளவு விளங்கும் என்பது என் எண்ணம். இப்போது பந்தைச் சுற்றுமுறையில்தான் கொடுக்கிறேன்.

விளையாட்டால் தீராதவையும் உண்டு. ஒரு பக்கக் கை, கால் மட்டும் பின்தங்கினால், முன்பு செய்ததைப் பிள்ளை செய்யாமல் விட்டால், அல்லது ஐந்து வயதாகியும் ஒற்றைக்காலில் கணநேரமும் நிற்க முடியாவிட்டால், காத்திருக்காமல் குடும்பநல மாதுவிடம் சொல்லி வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.