கேள்வி வந்தால் யார் வாய் திறப்பது?

இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களின் புராஜெக்ட் வைவா. செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி ஒன்றைச் செய்துவிட்டு நான்கு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடுகளை ஆளுக்கு ஐந்தாகப் பிரித்து, திக்காமல் பேசி முடித்தாயிற்று. எக்ஸ்டர்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார்: “ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே போனா பம்பு ஓடும்னீங்களே, அந்த 40 எங்கேருந்து வந்தது?”

“சென்சார் குடுக்குது சார்” என்கிறார் ஒருவர். “இல்ல சார், கோடுல நாங்க வெச்சது” என்கிறார் இன்னொருவர், அதே நொடியில். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் எதிரே இருப்பவர் காதில் விழுவது, இவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்பதுதான்.

ஸ்லைடைப் பிரித்தவர்கள் கேள்வியைப் பிரிக்கவில்லை. ஒரு ஸ்லைடைப் பேசியவரே அதைப் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்வார் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். ஆனால் கேள்வி ஸ்லைடு வரிசைப்படி வராது. வேலையைக் கையால் செய்தவர் ஒருவர், அதை மேடையில் சொன்னவர் வேறொருவர் என்பதும் சகஜம்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. வைவாவுக்கு இரண்டு நாள் முன்பு நால்வரும் உட்கார்ந்து, வரக்கூடிய கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுத வேண்டும். ஆளுக்குப் பத்து எழுதினால் நாற்பது சேரும். அவற்றை ஐந்து குவியலாகப் பிரிக்கலாம்: ஏன் இந்தப் புராஜெக்ட், சென்சாரும் பம்பும், நிரல், சோதனை முடிவுகள், செலவு. ஒவ்வொரு குவியலுக்கும் முதலில் பேசுபவர் ஒருவர், அவருக்குத் துணை ஒருவர். பெரும்பாலும் நிரல் எழுதியவர் தலையில்தான் பாதிச் சீட்டு வந்து விழும். அப்படியானால் அவரிடமிருந்து செலவையும் சோதனையையும் எடுத்து மற்றவர்களிடம் தர வேண்டும்.

எந்தக் குவியலிலும் அடங்காத சீட்டுகள்தான் முக்கியமானவை. 40 பற்றிய கேள்வி அப்படிப்பட்டது. அர்டுயினோ ஊனோ போர்டில் சென்சார் தருவது சதவீதமல்ல, 0 முதல் 1023 வரை ஓர் எண். காய்ந்த மண்ணில் 620, நன்றாக நனைந்த மண்ணில் 280 என்று அளந்திருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவேதான் நிரல் சதவீதத்தைக் கணக்கிடுகிறது. 40 என்றால் 484. ஆக, இரு முனைகளையும் அளந்தவர் ஒருவர், சூத்திரம் எழுதியவர் ஒருவர், இலை வாடுவதைப் பார்த்து 40 போதும் என்று தீர்மானித்தவர் ஒருவர். கேட்கப்பட்டது 40 எங்கேருந்து வந்தது என்பதால், தீர்மானித்தவரே பதில் சொல்ல வேண்டும். “இது சதவீதமா, எதில் சதவீதம்?” என்று கேள்வி தொடர்ந்தால் அளந்தவரிடம் போகும். அது மண்ணிலுள்ள நீரின் உண்மையான அளவல்ல, தாங்கள் அளந்த இரண்டு முனைகளுக்கு இடைப்பட்ட கணக்கு என்று அவர்தான் சொல்ல முடியும். இப்படி எல்லைச் சீட்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை எழுதிவிட வேண்டும்.

அறையில் கேள்வியை வாங்குவது ஒருவர் பொறுப்பு, பெரும்பாலும் டீம் லீடர். “40ஐ எப்படி முடிவு பண்ணினோம்னு கேக்குறீங்க சார். செடிகளைக் கவனிச்சது இவங்க, இவங்க சொல்வாங்க” என்று அவர் கைமாற்றும் நேரத்தில், பதில் சொல்பவருக்கு யோசிக்கச் சில நொடிகள் கிடைக்கும். துணை ஆள் வாய் திறப்பது, சொன்ன தகவல் தவறாக இருந்தால் மட்டும், அதுவும் ஒரே வாக்கியத்தில். பதிலை அழகுபடுத்த உள்ளே நுழைந்தால் முரண்பாடுதான் மிஞ்சும்.

பதில் தெரியாத கேள்விக்கும் ஆள் வேண்டும். “உரம் போட்ட மண்ணுல இதே எண்தான் வருமா?” என்று கேட்டால், “அதை நாங்க சோதிக்கல சார்” என்று சொல்லும் உரிமை சோதனைக் குவியலை வைத்திருப்பவருக்கு மட்டுமே. மற்றவர்கள் ஊகம் சொல்லக் கூடாது.

இந்த ஏற்பாடு செல்லாத இடமும் உண்டு. “நீங்க இருங்க, அவங்க சொல்லட்டும்” என்று ஓரத்தில் பேசாமல் நிற்பவரை எக்ஸ்டர்னல் கைகாட்டுவார். மதிப்பெண் ஆளுக்கு ஆள் தனி. “அது என் பார்ட் இல்ல சார்” என்ற பதில் அங்கே எடுபடாது. கருவி எப்படி வேலை செய்கிறது, 40 எப்படி வந்தது, முடிவு என்ன என்ற மூன்றையும் நால்வரும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வைவாவுக்கு முந்தின நாள் இரவு குவியல்களை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். யார் எந்தச் சீட்டில் திணறுகிறார் என்பது எக்ஸ்டர்னலுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.